மூன்று மில்லிமீட்டர் எங்கே அளக்கப்படுகிறது?

டிரிம்மரின் சக்கரத்தை 3 என்ற எண்ணில் நிறுத்துகிறோம். கன்னம், தாடை, மோவாய், கழுத்து என்று முகம் முழுக்கப் பொறுமையாக ஓட்டுகிறோம். முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கன்னத்தில் ஒரு நீளம் தெரிகிறது, தாடைக்கு அடியில் இன்னொரு நீளம் தெரிகிறது. கழுத்தின் ஓரத்தில் கருவியே படாதது போல ஒரு திட்டு நிற்கிறது. சிலர் கருவியைத் திட்டுவார்கள், சிலர் தங்கள் கையை நொந்துகொள்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே நியாயமில்லை. கருவி தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அது அளந்தது முடியின் நீளத்தை அல்ல.

இங்கே பேச்சு முழுத்தாடியைப் பற்றியது அல்ல. ஒரு மில்லிமீட்டர் முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை வளர்ந்து, அந்த அளவிலேயே வேண்டுமென்று நிறுத்தி வைக்கப்படும் குறுந்தாடியைப் பற்றியது. 1984-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'மயாமி வைஸ்' தொடரில் டான் ஜான்சன் இப்படித்தான் தோன்றினார். சில ஆண்டுகள் கழித்துப் பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். நம் சினிமாவிலோ அப்போது சவரம் செய்யாத முகம் என்றால் காதல் தோல்வி, அல்லது வேலையில்லாத நாயகன். துக்கத்தில் வளர்ந்த தாடியும் அலங்காரத் தாடியும் நீளத்தில் ஒன்றாகவே இருக்கக்கூடும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாட்டைச் சொல்பவை இரண்டுதான்: நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது, தாடி முடியும் இடத்தில் கோடு சுத்தமாக இருப்பது.

முதலில் நீளத்தைப் பார்ப்போம். தாடி முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் கணக்குப் போட இந்த எண் போதும். பேச்சு வழக்கில் நாம் சொல்லும் 'மூன்று நாள் தாடி' அப்படியானால் 1.2 மில்லிமீட்டர்தான். 3 மில்லிமீட்டர் தாடிக்கு மழித்த நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு நாள் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்னபி டிக்சனும் ராபர்ட் புரூக்ஸும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஆண்களை மழித்த முகத்தோடும், ஐந்து நாள் தாடியோடும், பத்து நாள் தாடியோடும், முழுத்தாடியோடும் படமெடுத்துப் பெண்களிடம் காட்டினார்கள். அதிகக் கவர்ச்சி என்று பெண்கள் மதிப்பிட்டது பத்து நாள் தாடியை. ஐந்து நாள் தாடி உட்பட மற்ற மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் பின்தங்கின. நம் கணக்கில் பத்து நாள் என்றால் சுமார் 4 மில்லிமீட்டர், ஐந்து நாள் என்றால் சுமார் 2. ஓர் ஆய்வை வைத்து யாரும் தாடியை முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பார்ப்பவர்கள் எவ்வளவு தெளிவாகப் பிரித்தறிகிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

சும்மா விட்டாலே தாடி சீராக வளர்ந்துவிடாதா என்று கேட்கலாம். வளராது. ஒவ்வொரு முடிக்குழியும் தனக்கென்று ஒரு சுழற்சி வைத்திருக்கிறது: சில காலம் வளரும், பிறகு ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டு மறுபடி தொடங்கும். எந்த நேரத்திலும் முகத்தில் ஒரு பகுதி முடிகள் ஓய்வில் இருக்கின்றன. மழித்த பிறகு அவை தோலோடு தோலாக நின்றுவிட, பக்கத்தில் இருப்பவை மேலே போய்விடும். அதனால் எட்டு நாள் வளரவிட்ட தாடியில் 3 மில்லிமீட்டர் முடியும் இருக்கும், அதில் பாதி உயரத்தில் நிற்பதும் இருக்கும். வேண்டிய நீளத்தைத் தாண்டிக் கொஞ்சம் வளரவிட்டு, பிறகு மேலிருந்து வெட்டிச் சமன் செய்தால்தான் சீர் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்து முதல் வெட்டை எடுப்பது நல்லது. எட்டாம் நாளே டிரிம்மரை எடுப்பவர்கள் வெட்டுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் காற்றைத்தான் வெட்டுகிறார்கள்.

டிரிம்மர் என்பது அடிப்படையில் பல கத்தரிக்கோல்களை வரிசையாக வைத்தது போன்ற கருவி. பற்கள் கொண்ட ஒரு தகடு அசையாமல் நிற்கிறது. அதன் மேல் இன்னொரு பல்தகடு இடமும் வலமும் வேகமாக ஆடுகிறது. நிற்கும் பற்களின் இடுக்கில் நுழையும் முடியை ஆடும் பல் வந்து நறுக்குகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த லியோ வால் 1919-இல் மின்காந்தத்தால் ஆடும் இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் சலூன்களில் வயரோடு உறுமும் கனமான மிஷினின் மூதாதை அதுதான். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. மின்காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழுக்கும். ஆகவே அந்தத் தகடு விநாடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6000 முறை வெட்டுகிறது. வீட்டில் வைத்திருக்கும் பேட்டரி டிரிம்மரில் காந்தத்துக்குப் பதில் சிறு மோட்டார் இருக்கும். அதன் வேகமும் ஏறத்தாழ இதே கணக்கில்தான் வரும்.

இந்தத் தகட்டுக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறோம். சீப்பு செய்வது ஒன்றே ஒன்று: தோலுக்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி விடுவது. சக்கரத்தில் 3 என்று வைத்தால் பிளேடு தோலிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் போகும். அவ்வளவுதான். முடி தோலிலிருந்து நேர்குத்தாக நின்றால் உயரமும் நீளமும் ஒன்று. ஆனால் எந்த முகத்திலும் முடி நேர்குத்தாக நிற்பதில்லை. எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துதான் வெளியே வருகின்றன. சாய்ந்து கிடக்கும் நெற்பயிரை அறுவடை இயந்திரம் அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெட்டும் உயரத்தை மாற்றாமலே ஓட்டினாலும், நிமிர்ந்த பயிரில் தாள் குட்டையாகவும் சாய்ந்த பயிரில் நெடியதாகவும் மிஞ்சும்.

எவ்வளவு நெடிது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். முடி தோலோடு 60 பாகைக் கோணத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாய்ந்தபடியே 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டினால் மிஞ்சும் முடியின் நீளம் சுமார் 3.5 மில்லிமீட்டர். கோணம் 30 பாகை என்றால் அதே சீப்பு 6 மில்லிமீட்டரை விட்டுவைக்கும். 20 பாகையில் ஏறத்தாழ ஒன்பது. சக்கரம் மூன்றிலேயே நிற்கிறது, நீளமோ மூன்று மடங்காகிவிட்டது. தாடி முடி கன்னத்தைவிடக் கழுத்தில்தான் அதிகம் படுத்துக் கிடக்கும். கழுத்தோரத்துத் திட்டின் ரகசியம் இவ்வளவே.

இதற்கு மருந்து எதிர்வாட்டத்தில் ஓட்டுவது. முடி சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு நேர் எதிராகச் சீப்பு வரும்போது அதன் பற்கள் முடியின் அடியில் நுழைந்து அதைத் தூக்கி நிமிர்த்துகின்றன. நிமிர்ந்த நிலையில் வெட்டினால் உயரமும் நீளமும் நெருங்கிவிடும். வாட்டத்தோடு ஓட்டினால் சீப்பு முடியை இன்னும் அழுத்திப் படுக்கவைத்து அதன் மேல் வழுக்கிப் போய்விடும். ஆகவே 'எப்போதும் கீழிருந்து மேலே ஓட்டு' என்ற பொதுவான அறிவுரை பாதிதான் சரி. கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளர்வதால் அங்கே கீழிருந்து மேலே போனால் எதிர்வாட்டமாகும். கழுத்தில் நிலைமை வேறு. பலருக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் முடி மேல்நோக்கி வளரும். சிலருக்குக் காதின் பக்கம் பார்த்துக் குறுக்கே படுத்திருக்கும். தாடையெலும்பின் கீழே சுழி வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே கீழிருந்து மேலே ஓட்டுவது வாட்டத்தோடு ஓட்டுவதாகிவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் திட்டு அசையாது.

வாட்டத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட விரல் நல்லது. நான்கைந்து நாள் தாடி இருக்கும்போது விரல் நுனியால் ஒவ்வோர் இடத்திலும் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் போகும் திசை வாட்டம், சொரசொரவென்று தடுக்கும் திசை எதிர்வாட்டம். முகத்தை இடம் வலமாகக் கன்னம், மோவாய், தாடைக்கு அடி, கழுத்தின் நடு, கழுத்தின் ஓரம் என்று பிரித்துக்கொண்டு ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வைத்தால் போதும். இந்த வரைபடத்தைப் பலகாலம் மாற்ற வேண்டியிருக்காது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வலது கழுத்தில் மேல்நோக்கியும் இடது கழுத்தில் பின்நோக்கியும் முடி வளரும் ஆட்கள் நிறைய.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்க்கலாம். 3 மில்லிமீட்டர் தாடி வைக்க விரும்பும் ஓர் இளைஞர் பன்னிரண்டு நாள் வளரவிட்டிருக்கிறார். கன்னத்தில் வாட்டம் கீழ்நோக்கி, மோவாயிலும் அப்படியே. கழுத்தின் நடுவில் மேல்நோக்கி, இடது ஓரத்தில் காதைப் பார்த்துக் குறுக்காக. முதல் வேலையாக முகத்தைக் கழுவி நன்றாக உலர்த்துகிறார். எண்ணெய்ப் பசையும் ஈரமும் இருந்தால் முடிகள் கற்றையாக ஒட்டிக்கொண்டு தோலில் படிந்துவிடும், சீப்பால் அவற்றைத் தூக்க முடியாது. நனைந்த முடி நீண்டுவிடுவதால்தான் உலர்ந்து வெட்ட வேண்டும் என்று சொல்வதுண்டு. அந்தக் காரணம் அவ்வளவாக நிற்காது. நனைந்தால் முடி பருமனில்தான் நன்றாக ஊதும், நீளத்தில் ஒன்றிரண்டு சதவீதமே கூடும். மூன்று மில்லிமீட்டரில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. கெடுப்பது நீட்சி அல்ல, ஒட்டிக்கொள்வது.

அவர் சக்கரத்தை 3-இல் வைக்காமல் 4-இல் வைத்துத் தொடங்குகிறார். தாடியில் எந்தத் திருத்தமும் ஒரே திசையில்தான் போகும். கூடுதலாக விட்டதைக் குறைக்கலாம், குறைத்ததை ஒட்டவைக்க முடியாது. 4-இல் ஒரு சுற்று முடிந்ததும் நெடிய முடிகளெல்லாம் போய்விடுகின்றன. 3-இல் வரும் இரண்டாவது சுற்றில் சீப்பு அடைத்துக்கொள்ளாமல் ஓடுகிறது. கன்னத்திலும் மோவாயிலும் கீழிருந்து மேலே, கழுத்தின் நடுவில் மேலிருந்து கீழே, இடது ஓரத்தில் காதுப் பக்கமிருந்து தொண்டைப் பக்கமாக. தாடைக்கு அடியில் தோல் தொளதொளப்பாக இருப்பதால் மறு கையால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். தளர்ந்த தோல் சீப்பின் பற்களுக்கு நடுவில் பிதுங்கிப் பிளேடை நெருங்கும், அங்கே வெட்டு குட்டையாகிவிடும். சீப்பை அழுத்திப் பிடித்தாலும் இதேதான் நடக்கும். பிளாஸ்டிக் பற்களும் கொஞ்சம் வளையும். தன் எடையில் தானே முகத்தில் படியும் அளவுக்குக் கருவியைப் பிடித்தால் போதும்.

கை வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிளேடு விநாடிக்கு நூறு முறை ஆடுகிறது. கை விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கருவி அரை மில்லிமீட்டர்தான் முன்னேறும். அவசரத்தில் விநாடிக்கு இருபது சென்டிமீட்டர் இழுத்தால் அதுவே இரண்டு மில்லிமீட்டராகிவிடும். அந்த இடைவெளியில் பல முடிகள் வெட்டுப்படும் முன்பே தள்ளிச் சாய்க்கப்படுகின்றன, சாய்ந்த பிறகு வெட்டுப்படுகின்றன அல்லது தப்பிவிடுகின்றன. மேலே பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். பேட்டரி இறங்கிப் பிளேடு மந்தமானாலும் இதே கோடுகள் வரும், கூடவே முடியைப் பிடித்து இழுக்கும் வலியும் இருக்கும். முழு சார்ஜ் ஏற்றியும் இழுத்தால் பிளேடுக்கு இடையில் முடித்துகள் அடைத்திருக்கிறது அல்லது எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். தூரிகையால் தட்டிவிட்டு, கருவியோடு வந்த எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டு விட்டுச் சில விநாடி ஓட்டினால் தெரிந்துவிடும். அப்படியும் இழுத்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

இரண்டாவது சுற்று முடிந்ததும் நம் இளைஞர் கண்ணாடியைப் பார்க்கிறார். நீளம் இப்போது உண்மையிலேயே எல்லா இடத்திலும் மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் முகம் சீராகத் தெரியவில்லை. மீசையும் மோவாயும் கருத்துத் தெரிகின்றன, கன்னம் வெளிறித் தெரிகிறது. கண்ணுக்கு நீளத்தை அளக்கத் தெரியாது, அது பார்ப்பது கருமையைத்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை பங்கு முடியால் மறைக்கப்படுகிறது என்பதே கருமை. முடி எத்தனை, எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம், எவ்வளவு படுத்திருக்கிறது என்ற நான்கும் அதைத் தீர்மானிக்கின்றன. மோவாயிலும் மீசையிலும் முடி நெருக்கமாகவும் தடிமனாகவும் இருப்பதால் அதே மூன்று மில்லிமீட்டர் அங்கே கூடுதலாகக் கருக்கிறது. சலூனில் கைதேர்ந்தவர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே சரிசெய்வார்கள்: மீசையையும் மோவாயையும் அரை மில்லிமீட்டர் குறைத்து 2.5-க்குக் கொண்டுவருவார்கள், அடர்த்தி குறைந்த கன்னத்தை 3.5 வரை விடுவார்கள். நீளத்தில் சமமில்லாத தாடிதான் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது.

விளக்கும் ஏமாற்றும். குளியலறையில் தலைக்கு மேலே இருக்கும் ஒற்றை பல்பின் கீழே நின்றால் தாடைக்கு அடியில் நிழல் விழும், கழுத்துத் தாடி நெடிதாகத் தோன்றும். அதை நம்பிக் குறைத்துக்கொண்டே போனவர் காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் கழுத்து வெறுமையாகி, தாடி தாடையிலேயே அறுந்து நிற்கும். நீளத்தைச் சரிபார்க்கச் சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதே சிறந்தது. பக்கவாட்டு ஒளியில் நீண்டு நிற்கும் ஒற்றை முடிகள் நிழலோடு துருத்திக்கொண்டு தெரியும்.

இனி ஓரக்கோடு. மனிதக் கண் நீளத்தை அளப்பதில் மோசம், கோட்டை அளப்பதில் அசாத்தியத் திறமை கொண்டது. கூர்மையான இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்கும்போது, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலகலைக்கூட அது பிடித்துவிடும். கண்ணின் ஒளியுணர் செல்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட நுட்பமான அளவு இது. தாடியின் ஓரம் அவ்வளவு கூர்மையான கோடு அல்ல, முடிகளால் ஆன புள்ளிவரிசைதான். ஆனாலும் கன்னத்தில் அரை மில்லிமீட்டர் நீள வித்தியாசத்தைக் கவனிக்காத நண்பர், கழுத்துக்கோடு ஒரு பக்கம் ஏறி இறங்கியிருப்பதை உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுவார்.

கழுத்துக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாடையெலும்பின் மேலேயே போட்டுவிட்டால் நேராகப் பார்க்கும்போது அழகாகத் தெரியும். பேசும்போதும் தலையைத் திருப்பும்போதும் கோட்டுக்குக் கீழே வெறும் தோல் பிதுங்கி இரட்டைத் தாடை போலக் காட்டும். தொண்டையில் துருத்தி நிற்கும் குரல்வளை மேட்டுக்கு ஒன்றிரண்டு விரல் மேலே, மோவாயின் அடிப்பக்கம் கழுத்தாகத் திரும்பும் மடிப்பில் கோட்டின் நடுப்புள்ளி வர வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் மெல்ல வளைந்து ஏறிக் காதின் பின்புறம் தாடை முடியும் இடத்தைத் தொட வேண்டும். தலையை நேராக வைத்துக்கொண்டே இதைக் குறிக்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது கழுத்துத் தோல் எலும்பின் மேல் வழுக்கி இழுபடும். அந்த நிலையில் போட்ட கோடு தலை நேரானதும் வேறு இடத்தில் போய் உட்காரும். நேராகப் பார்த்துப் புள்ளி வைத்த பிறகு, வெட்டுவதற்காக மட்டும் அண்ணாந்துகொள்ளலாம்.

சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் பிளேடால் நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று கோடு எடுக்க வேண்டும். ஒரு காதில் தொடங்கி மறு காது வரை ஒரே இழுப்பில் போனால் கோடு சாயும். முதலில் வேண்டிய இடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழேயே எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு ஏற்றலாம். இடப்பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று வலப்பக்கத்தை ஏற்றுவது, அது கூடிவிட்டது என்று மறுபடி இடப்பக்கத்தை ஏற்றுவது என்ற விளையாட்டில் கழுத்துக்கோடு தாடைக்கும் கன்னக்கோடு வாயோரத்துக்கும் நகர்ந்துவிடும். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறுபடி எட்டு நாள் வேண்டும். கன்னத்தில் என் கட்சி இயற்கைக் கோட்டின் பக்கம்தான். கிருதாவிலிருந்து மீசையோரம் வரை முடி தானாக அடர்த்தி குறையும் விளிம்பை அப்படியே விட்டு, அதற்கு மேலே தனித்து நிற்கும் முடிகளை மட்டும் எடுத்தால் போதும். ஸ்கேல் வைத்துக் கீறியது போன்ற கன்னக்கோடு மறுநாள் மாலையே கலைந்துவிடுகிறது.

வெறும் டிரிம்மர் பிளேடு கூடச் சுமார் அரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். கோட்டுக்கு வெளியே தோல் தெரிய வேண்டுமென்றால் ரேசர்தான். இங்கே ஈரத்தின் வேலை தலைகீழாகிறது. நீர் முடிக்குள் புகுந்து அதன் புரதச் சங்கிலிகளுக்கு நடுவில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. முடி மிருதுவாகி, வெட்டத் தேவையான விசை குறைகிறது. இதற்குச் சில நிமிடம் ஆகும், முகத்தில் தண்ணீரைத் தெளித்தவுடனே நடப்பதில்லை. அதனால் டிரிம்மர் வேலையை உலர்ந்த முகத்தில் முடித்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் கொஞ்ச நேரம் வைத்த பிறகு ரேசரை எடுப்பதே சரியான வரிசை. வெள்ளை நுரை கோட்டை மறைத்துவிடும். நிறமில்லாத ஷேவிங் ஜெல் இருந்தால் கோடு தெரியும். ரேசரைக் கோட்டில் வைத்து அங்கிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், வெளியிலிருந்து கோட்டை நோக்கி வரக் கூடாது.

ரேசர் பிளேடு எப்படி மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கியான்லூகா ரோசியோலியும் அவருடைய குழுவினரும் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது, அது எப்படி எஃகைக் கெடுக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. ரோசியோலி தானே சவரம் செய்துகொண்டு, பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேய்ந்து மொண்ணையாவதைவிட, துண்டு துண்டாகச் சில்லு பெயர்வதே பெரிய சேதம் என்று கண்டார்கள். முடி வளைந்துகொடுத்துச் சாய்வாக விளிம்பில் படும்போதுதான் அந்தச் சில்லுகள் பெயர்கின்றன. படுத்துக் கிடக்கும் கழுத்து முடியை மழித்த பிளேடு சொரசொரப்பாக உணரப்படுவதில் ஆச்சரியமில்லை. சுத்தமான கோடு வேண்டுமானால் அந்தப் பிளேடைத் தூக்கிப் போடத் தயங்கக் கூடாது.

சுருள் முடிக்காரர்கள் ரேசரைக் கழுத்தில் எச்சரிக்கையாகப் பயன்படுத்த வேண்டும். தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட கூர்நுனி வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். அந்த இடத்தில் பரு போலச் சிவந்து வீங்கும். அப்படி வருபவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது, மழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டுவைக்கும் டிரிம்மரைப் பயன்படுத்துங்கள் என்பதுதான். அவர்கள் கழுத்தில் கூர்மையான கோட்டுக்குப் பதில், கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் 3-லிருந்து 2, அதற்குக் கீழே 1 என்று படிப்படியாகத் தேய்த்துவிடலாம். சொல்லப்போனால் மற்றவர்களுக்கும் இந்தத் தேய்ப்புப் பொருந்தும். கோடு ஒரு நாள் கலைந்தாலும் தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை இதையெல்லாம் செய்வது? ஒரு நாளைக்கு 0.4 மில்லிமீட்டர் என்ற பழைய எண்ணே பதில் சொல்லிவிடும். 3 மில்லிமீட்டர் தாடி மூன்று நாளில் 4.2 ஆகிறது. முன்பு இருந்ததைவிட நாற்பது சதவீதம் கூடுதல், சமாளிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் தாடியோ அதே மூன்று நாளில் 2.2 ஆகி இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. குட்டைத் தாடி வைப்பவர்தான் அதிகம் உழைக்க வேண்டும். நாளுக்கொரு முறை டிரிம்மரைத் தொட முடியாதவர்கள் ஒரு மில்லிமீட்டருக்கு ஆசைப்படாமல் மூன்று நான்கில் நிற்பது புத்திசாலித்தனம். ஓரக்கோட்டின் ஆயுள் இன்னும் குறைவு. மழித்த தோலில் ஒரே நாளில் 0.4 மில்லிமீட்டர் முளைத்துக் கருநிழல் விழுந்துவிடும். அதனால் 3 மில்லிமீட்டர் தாடிக்கு நீளம் வெட்டுவதை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வைத்துக்கொண்டு, கோட்டை மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் சுத்தம் செய்தால் தாடி ஒரே நிலையில் நிற்கும்.

சலூனில் வெட்டிக்கொள்பவர்கள் ஓர் எண் குழப்பத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சலூன் மிஷினின் 'ஒன்றாம் நம்பர்' சீப்பு என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர். இரண்டாம் நம்பர் 6. வீட்டு டிரிம்மரின் சக்கரத்தில் இருக்கும் 1 பல கருவிகளில் ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கும். வேறு சிலவற்றில் அது வெறும் முதல் படி, மில்லிமீட்டரோடு அதற்குச் சம்பந்தமில்லை. வீட்டில் 3-இல் வெட்டிப் பழகியவர் சலூனில் போய் "மூணாம் நம்பர் போடுங்கண்ணே" என்றால் 10 மில்லிமீட்டரில்தான் மிஷின் ஓடும். அதாவது ஒன்றுமே வெட்டுப்படாது, காசு மட்டும் போகும். பரவாயில்லை, இன்னொரு முறை ஓட்டச் சொல்லலாம். வீட்டில் 6 மில்லிமீட்டரில் வெட்டுபவர் சலூன் எண்ணின் அளவு தெரியாமல் 'ஒன்று' என்று சொல்லிவிட்டால் பாதித் தாடி போன பிறகுதான் தெரியும். நம்பரைச் சொல்லாதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் சீப்பு என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.